ஒரு வருட அல்ட்ராசவுண்ட் டிப்ளமோவா, ரேடியாலஜி டிப்ளமோவா, எக்கோவா? சேருவதற்கு முன் ஓர் ஒப்பீடு

பக்கத்து வீட்டு அக்கா போன மே மாதம் ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரே வருடத்தில் சோனோகிராபர் ஆகலாம், ஸ்கேன் சென்டர்களில் உடனடி வேலை" என்று அதில் போட்டிருந்தது. மகள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள், உயிரியல் பிரிவு. வார இறுதிக்குள் பதினைந்தாயிரம் முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று அந்த நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். "தம்பி, நீங்க ஸ்கேன் சென்டர்லதான இருக்கீங்க. சேத்துவிடலாமா?" என்று கேட்டார்.

நான் பதினான்கு வருடமாக ரேடியோகிராபராக இருக்கிறேன். ஒரு மாவட்டத் தலைநகரில் எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட் மூன்றும் உள்ள சென்டரில் வேலை. அக்காவிடம் அன்று ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே நோட்டீஸ் பல வீடுகளுக்குப் போயிருக்கும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இந்தியாவில் கர்ப்பிணியின் வயிற்றில் ப்ரோப் வைத்து ஸ்கேன் செய்வது டாக்டரின் வேலை. டிப்ளமோ படித்த டெக்னீஷியனின் வேலை அல்ல. ஒரு சென்டரின் நிர்வாகம் போட்ட விதி இல்லை இது, சட்டம். கருவின் பாலினத் தேர்வைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாங்கள் பி.சி.பி.என்.டி.டி. என்போம். அதன்படி ஒவ்வொரு ஸ்கேன் சென்டரும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் யார் ஸ்கேன் செய்வார்கள் என்று பெயர் இருக்கும். அந்தப் பெயர் ரேடியாலஜிஸ்டாகவோ, மகப்பேறு மருத்துவராகவோ, அதற்கான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவராகவோதான் இருக்க முடியும். சோனோகிராபர் டிப்ளமோ என்ற தகுதிக்கு அங்கே இடமில்லை.

இங்கேதான் ஒரு குழப்பம் நுழைகிறது. "ஆறு மாசம் ட்ரெயினிங் முடிச்சா ஸ்கேன் பண்ணலாமாமே" என்று அக்காவும் கேட்டார். அந்த ஆறு மாதம் உண்மையிலேயே இருக்கிறது. 2014-இல் வந்த விதி அது. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டருக்கானது. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர் ஸ்கேன் செய்ய விரும்பினால் 300 மணி நேரப் பயிற்சி எடுத்து, பிறகு தகுதித் தேர்வும் எழுத வேண்டும். டாக்டருக்கே இவ்வளவு கேட்கும் சட்டம், பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் படித்தவரை விட்டுவிடுமா? நோட்டீஸ்களில் "ஆறு மாதப் பயிற்சி, அரசு விதிப்படி" என்று பார்த்தால், அது யாருக்கான விதி என்று கேளுங்கள்.

யூடியூபில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சோனோகிராபர்தான் ஸ்கேன் எடுப்பார், ரேடியாலஜிஸ்ட் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தருவார். இங்கிலாந்தில் சோனோகிராபரே ரிப்போர்ட்டும் எழுதுகிறார். அங்கே அது தனித் தொழில். அதற்குத் தனித் தேர்வும் நீண்ட பயிற்சியும் உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் படிப்பு. அதே பெயரை வைத்து நம் ஊரில் நடக்கும் ஒரு வருடப் படிப்பு அந்த வேலையைத் தராது.

அப்படியானால் ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் என்னதான் செய்கிறார்? நிறைய இருக்கிறது. காலை எட்டரைக்கு மெஷினை ஆன் செய்து, முந்தைய நாள் படங்கள் சேமிப்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேனுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா, கீழ்வயிற்று ஸ்கேனுக்கு வந்தவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பெயர், வயது, கடைசி மாதவிலக்குத் தேதியை மெஷினில் பதிய வேண்டும். ஜெல் தடவித் தயாராக்கி, டாக்டர் சொல்லும்போது படத்தை நிறுத்தி, அளந்து சேமிக்க வேண்டும். ரிப்போர்ட் தட்டச்சு, பிரிண்ட், ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் ப்ரோப்பைத் துடைத்துச் சுத்தம் செய்வது, எல்லாம் இதில் சேரும். கர்ப்பிணி என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபார்ம் எஃப்.

இந்த ஃபார்ம் எஃப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். டெக்னீஷியனின் கை அதிகம் படுவதும், அதிகம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். கர்ப்பிணியின் பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், முழு முகவரி, போன் எண், ஏற்கெனவே உள்ள குழந்தைகள் எத்தனை, ஆணா பெண்ணா, அனுப்பிய டாக்டர் யார், எத்தனை வாரம், எந்தக் காரணத்துக்காக ஸ்கேன் என்று எல்லாம் நிரப்ப வேண்டும். காரணங்களுக்கு 23 வரிகள் கொண்ட பட்டியல் படிவத்திலேயே இருக்கும், அதில் பொருந்துவதைக் குறிக்க வேண்டும். கடைசியில் "கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை" என்று அந்தப் பெண்ணும், "கண்டறியவும் இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை" என்று டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு மாதக் கணக்கும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் மாவட்டத்தில் உள்ள உரிய அதிகாரிக்குப் போக வேண்டும். பதிவேடுகளைக் குறைந்தது இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஒரு கட்டம் விட்டுப்போனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். படிவத்தில் குறை இருந்தாலே சட்டத்தை மீறியதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவர் தலையில். இது கடுமையாக இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-இல் அந்தப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. தண்டனை முதல் முறை மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றும் சட்டம் சொல்கிறது. உரிமையாளரோடும் டாக்டரோடும் அந்தத் தண்டனைப் பிரிவு நின்றுவிடவில்லை. சென்டரில் வேலைக்கு இருந்து தொழில்நுட்ப உதவி செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. "முதலாளி சொன்னார், செய்தேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், அப்போது நான் இருந்தது வேறொரு சென்டர். டாக்டர் வர ஒரு மணி நேரம் தாமதம், வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். "நீ அளவெல்லாம் எடுத்து வை, டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார்" என்றார்கள். செய்தேன். செய்திருக்கக் கூடாது. 32 வாரக் கர்ப்பிணி ஒருவர். தலை, தொடையெலும்பு எல்லாம் அளந்துவிட்டு வயிற்றுச் சுற்றளவை 28 சென்டிமீட்டர் என்று பதிந்தேன். 32 வாரத்துக்கு அது சரியான அளவு. டாக்டர் வந்ததும் படத்தைப் பார்த்தார், முகம் மாறியது, மறுபடி ப்ரோப் வைத்தார். நான் எடுத்த படம் சாய்ந்த வெட்டு. இரைப்பையும் தொப்புள் ரத்தக்குழாய் கல்லீரலுக்குள் வளையும் இடமும் ஒரே வெட்டில் தெரிய வேண்டும், வயிறு கிட்டத்தட்ட வட்டமாக இருக்க வேண்டும். என் படத்தில் வயிறு முட்டை வடிவில் இருந்தது. விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அதுவே வெட்டு சாய்ந்திருப்பதன் அடையாளம், எனக்கு அப்போது அது கண்ணில் படவில்லை. டாக்டர் எடுத்த அளவு 26. அது 30 வாரக் குழந்தையின் அளவு. வளர்ச்சி பின்தங்குகிறது என்று அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பார்த்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினார். என் அளவோடு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பெண் "குழந்தை நன்றாக இருக்கிறது" என்று வீட்டுக்குப் போயிருப்பார்.

எக்ஸ்ரேயில் நான் எடுத்த படத்தை டாக்டர் நாளைக்கும் பார்க்கலாம், படம் முழுமையாக இருக்கும். அல்ட்ராசவுண்டில் கை நகரும்போதே கண் முடிவெடுக்கிறது. எடுத்தவர் கவனிக்காமல் விட்டது சேமித்த படத்தில் இருக்கவே இருக்காது. பித்தப்பையில் கல்லா, சதை வளர்ச்சியா என்று பார்க்க நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைப்போம். கல் என்றால் உருண்டு போகும், பின்னால் கறுப்பு நிழல் விழும். சதை வளர்ச்சி இருந்த இடத்திலேயே நிற்கும். திருப்ப வேண்டும் என்று தோன்றுவதே நோயறிதலில் பாதி.

சரி, கர்ப்பிணி அல்லாதவர்களையாவது டெக்னீஷியன் ஸ்கேன் செய்யலாமா? வயிற்று வலியோடு வரும் ஆணின் ஸ்கேனில் பாலினத் தேர்வு என்ற பேச்சே இல்லை. ஆனால் அதே மெஷின், அதே பதிவு, அதே பதிவுச் சான்றிதழில் உள்ள டாக்டர் பெயர். தவிர, "கல் இருக்கிறது", "கட்டி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மருத்துவக் கருத்து. பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட. டாக்டர் அறையில் நின்று, அவர் சொல்லச் சொல்ல ப்ரோப் பிடித்துப் பழகுவது வேறு. டாக்டர் இல்லாத அறையில் தனியாக ஸ்கேன் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது படிப்புகளுக்கு வருவோம்.

நோட்டீஸில் இருந்த ஒரு வருட அல்ட்ராசவுண்ட் டிப்ளமோ முதலில். அதில் சேர்ந்தால் கற்றுக்கொள்வது ஒரே ஒரு மெஷின். அந்த மெஷினில் முக்கியமான வேலையை உங்களைச் செய்ய விடாது சட்டம். மிஞ்சுவது உதவியாளர் வேலையும் ஃபார்ம் எஃப்பும்தான், அவற்றுக்கு ரேடியாலஜி படித்தவரையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்டர்கள் நினைக்கும். ஏனென்றால் அவர் எக்ஸ்ரேயும் எடுப்பார். நான் பார்த்தவரை அரசு மருத்துவமனை வேலை அறிவிப்புகளில் ரேடியோகிராபர் பதவி வருகிறது. அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் என்று தனிப் பதவியைப் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கல் பதிவு. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ரேடியாலஜி டெக்னாலஜிஸ்ட் என்ற தலைப்பின் கீழ் சோனோகிராபர் என்ற பெயரும் இருக்கிறது. இதைக் காட்டித்தான் "அரசு அங்கீகாரம் வந்தாச்சு" என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அதே சட்டத்தை அடுத்த பக்கமும் படிக்க வேண்டும். துணை மருத்துவத் தொழிலராகக் கருத, குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒரு வருடப் படிப்பு அந்த வாசலையே தொடாது. இரண்டு வருடம் படித்துப் பதிவு பெற்றாலும்கூட, அந்தப் பதிவு பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் கதவைத் திறந்துவிடாது. ஒன்று தொழிலராகப் பதிவு, மற்றொன்று யார் கர்ப்பிணியை ஸ்கேன் செய்யலாம் என்ற விதி. இரண்டும் தனித்தனி.

அடுத்தது ரேடியாலஜி. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு வழி. இரண்டு வருட டிப்ளமோ, ரேடியோ டயக்னாசிஸ் டெக்னாலஜி என்று பெயர், அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே நடக்கிறது. அல்லது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ரேடியாலஜி, மூன்று வருடப் படிப்போடு ஒரு வருடப் பயிற்சி. இரண்டிலும் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் வரும், அல்ட்ராசவுண்டின் அடிப்படையும் வரும். எக்ஸ்ரே, சி.டி. மெஷின்களை முழுப் பொறுப்போடு இயக்குவது நம் வேலை, டாக்டர் அறையில் இருக்க வேண்டியதில்லை. அவருக்குப் படம் போனால் போதும். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு, கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் வேலை. அல்ட்ராசவுண்டில் அப்படிக் கதிர்வீச்சு இல்லை என்பதால் அது எளிது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லைதான். டெக்னீஷியனைப் பொறுத்தவரை சட்டக் கட்டுப்பாடு அதில்தான் அதிகம்.

என் கணக்கில் அரசுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கட்டணம் குறைவு, பெரிய மருத்துவமனையில் தினமும் கூட்டம், கை பழகும். வீட்டில் நான்கு வருடம் தாங்க முடியும் என்றால் பி.எஸ்சி. நீண்ட காலத்துக்கு நல்லது. மேல்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் பட்டம்தான் கேட்கிறார்கள்.

"எம் மக அந்த ப்ரோப் புடிக்கிற வேலைதான் வேணும்ங்கறா" என்றார் அக்கா. அதற்கு நியாயமான பதில் எக்கோ. இதயத்தின் அல்ட்ராசவுண்டில் டெக்னீஷியனே ப்ரோப் பிடித்துப் படம் எடுத்து, வால்வு, சுவர் அசைவு, ரத்த ஓட்டம் எல்லாம் அளந்து வைக்க, இதயநோய் மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. கையின் திறமைக்கு அங்கே உண்மையான மதிப்பு உண்டு. அரசுக் கல்லூரிகளில் கார்டியோ சோனோகிராபி டெக்னீஷியன் என்று ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜியும் இருக்கிறது. மேலே சொன்ன 2,000 மணி நேரக் கணக்கை நினைத்தால் பி.எஸ்சி.யையே சொல்வேன். ஒரு எல்லை மட்டும் உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் கர்ப்பிணி ஸ்கேன்தான். அதற்கும் ஃபார்ம் எஃப் வேண்டும், டாக்டர்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, எக்கோ வேலை இதயநோய் மருத்துவர் இருக்கும் ஊர்களில்தான். சிறிய ஊரிலேயே வேலை வேண்டும் என்றால் ரேடியாலஜிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வளைகுடா ஆசையும் பலருக்கு இருக்கிறது. அங்கே சோனோகிராபர் தனிப் பதவி, சம்பளமும் நன்றாக இருக்கும். ஆனால் உரிமத் தேர்வுக்கு முன் படிப்பையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் நேரடியாகக் கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் கேட்டுச் சரிபார்க்கும். இங்கே சட்டப்படி செய்ய முடியாத வேலையை மூன்று வருடம் செய்ததாக எந்த நேர்மையான மருத்துவமனை கடிதம் தரும்? தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து தள்ளி இருங்கள். பி.எஸ்சி. முடித்து, சி.டி., எம்.ஆர்.ஐ. அனுபவத்தோடு ரேடியோகிராபராகப் போவதும், எக்கோ அனுபவத்தோடு போவதும் நேரான வழிகள்.

ஏற்கெனவே அந்த ஒரு வருடப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். நேர்காணலுக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ், அதாவது ஃபார்ம் பி, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதன் காலம் ஐந்து வருடம், முடிந்துவிட்டதா என்று தேதியைப் பாருங்கள். ஸ்கேன் செய்யும் டாக்டர் யார், எந்த நேரம் இருப்பார் என்று கேளுங்கள். பதினொரு மணிக்குத்தான் டாக்டர் வருவார், ஆனால் ஒன்பது மணியிலிருந்தே ஸ்கேன் டோக்கன் கொடுக்கிறார்கள் என்றால் அந்த இரண்டு மணி நேரம் யார் ஸ்கேன் செய்கிறார்கள் என்று உங்களுக்கே புரிந்துவிடும். "உங்களுக்கு இண்டிபெண்டன்டா ஸ்கேன் போடத் தெரியுமா?" என்று கேட்டால் அது பாராட்டு அல்ல. வேலையில் சேர்ந்தால் ஊழியர் மாற்றத்தை முன்கூட்டியே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, உங்கள் பெயரும் பதவியும் எப்படிப் போகின்றன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதவி "உதவியாளர்" அல்லது "டெக்னீஷியன்" என்றே இருக்கட்டும்.

அக்கா முன்பணம் கட்டவில்லை. மகள் அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்கு விண்ணப்பித்து, ரேடியாலஜி டிப்ளமோவை முதலிலும் கார்டியோ சோனோகிராபியை இரண்டாவதாகவும் போட்டாள். அடுத்த வாரமே ஒரு கேள்வியோடு வந்தாள்: "அண்ணா, அந்த முட்டை மாதிரி இருந்த படத்தை ஒரு தடவ காட்டுறீங்களா?" அந்தப் படம் என்னிடம் இல்லை. ஒரு தாளில் இரண்டு வெட்டையும் வரைந்து, விலா எலும்பு எங்கே தெரியக் கூடாது என்று காட்டினேன்.